அல்-பிரூனி மலையுச்சியில் பார்த்த 34 நிமிடம்

நில அளவைத் தொழிலில் பூமி உருண்டை என்பது எங்களுக்குக் கணக்கில் கழிக்க வேண்டிய ஒரு தொகை. லெவல் கருவியை வைத்து 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பார்த்தால், தரையின் வளைவால் அளவு சுமார் 7.8 செ.மீ. கூடுதலாகத் தெரியும். காற்று ஒளியைக் கீழ்நோக்கி வளைப்பதால் அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்து, 6.7 செ.மீ. மிஞ்சும். இந்த ஏழில் ஒரு பங்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அல்-பிரூனி என்ற வானியல், கணித அறிஞர் ஒரு மலைமேல் ஏறி, 1 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு பூமியை அளந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அவர் மலையேறியது உண்மை. முறையும் சரியானது. அந்தச் சதவீதத்தைத்தான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில் அவர் இருந்தார். பக்கத்தில் ஒரு மலை, அதற்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. முதலில் கீழேயிருந்து மலையின் உயரத்தைக் கண்டுபிடித்தார். ஒரே நேர்கோட்டில் இரண்டு இடங்களில் நின்று உச்சியின் ஏற்றக் கோணத்தை எடுத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தால் உயரம் வந்துவிடும். அடிவாரத்தை நெருங்க முடியாத இடங்களில் நாங்கள் இன்றும் செய்வது அதுதான். அவருக்குக் கிடைத்தது சுமார் 652 முழம்.

அப்புறம் உச்சிக்குப் போய், வானமும் தரையும் சேரும் கோடு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். தரை தட்டையாக முடிவின்றி நீண்டால் இந்தத் தாழ்வு இருக்காது. அவர் பார்த்தது 34 நிமிடம்; கோணக் கணக்கில் 1 டிகிரிக்கு 60 நிமிடம், ஆக அரை டிகிரிக்குச் சற்று மேல். பார்வைக்கோடு பூமியைத் தொட்டும் தொடாமலும் போகிற இடத்தில் ஒரு செங்கோண முக்கோணம் அமைகிறது. அதிலிருந்து, மலையின் உயரம் h, தாழ்வுக் கோணம் θ, பூமியின் ஆரம் R என்று கொண்டால்:

R = h × cos θ ÷ (1 − cos θ)

அவர் கண்ட ஆரம் 1,28,03,337 முழம். முழத்தை 49.3 செ.மீ. என்று கொண்டால் 6,312 கி.மீ. உண்மையான சராசரி 6,371. சதவீதச் செய்தி பிறப்பது இங்கேதான்.

இப்போது அதே எண்களைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1 கோடியே 33 லட்சம் முழம் வரும், சுமார் 6,570 கி.மீ. அவர் பயன்படுத்திய cos மதிப்பில் மிகச் சிறிய பிழை இருந்திருக்கிறது. 1 − cos θ மிக நுண்ணிய எண் என்பதால் அது 4 சதவீதமாகப் பெருத்து, விடையை உண்மைக்கு அருகே தள்ளிவிட்டது.

கோணத்திலும் இதே சிக்கல். ஆரம் கோணத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுகிறது. 34 நிமிடத்தில் 1 நிமிடம் தவறினால் ஆரம் 6 சதவீதம் மாறும். அந்தக் காலத்துக் கைக்கருவியில் 1 நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்பதே பெரிய காரியம். மேலும் அந்த ஏழில் ஒரு பங்கு இங்கேயும் வருகிறது. 321 மீட்டர் உயரத்திலிருந்து காற்றே இல்லாவிட்டால் தாழ்வு 34.5 நிமிடம், சாதாரணக் காற்றில் சுமார் 32 தான் தெரியும். 32 என்று எழுதியிருந்தால் விடை 7,000 கி.மீ.யைத் தாண்டியிருக்கும். காற்று காலையில் ஒரு மாதிரி, வெயில் ஏறிய பின் வேறு மாதிரி ஒளியை வளைக்கும் என்பதால், நிலையான திருத்தம் ஒன்றைப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது.

நான் அதிகம் நம்புவது அவருக்கு முந்தைய அளவையை. 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல்-மஃமூன் அனுப்பிய வானியலாளர்கள் இன்றைய ஈராக்கில் உள்ள சிஞ்சார் சமவெளியில் வானத்தின் வடதுருவம் தொடுவானுக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு குழு வடக்காகவும் மற்றொன்று தெற்காகவும், அந்த உயரம் சரியாக 1 டிகிரி மாறும் வரை கயிற்றால் அளந்துகொண்டே போனார்கள். கிடைத்தது சுமார் 56⅔ அரபு மைல். ஒரு மைலுக்கு 4,000 முழம் என்று, அதே 49.3 செ.மீ. கணக்கில் இது கிட்டத்தட்ட 112 கி.மீ.; உண்மை 111. இங்கே 1 நிமிடம் பிழைத்தால் 60இல் ஒரு பங்குதான் கெடும். துருவத்தை வானில் உயரே பார்ப்பதால் காற்றின் தொந்தரவும் மிகக் குறைவு. உடல் உழைப்பு அதிகம், பிழை குறைவு.

அல்-பிரூனிக்கு இது தெரியும். தன் மலை அளவிலிருந்து 1 டிகிரிக்கு 56 மைலுக்கு ஒட்டிய எண் வந்தபோது, அதை முந்தைய அளவையோடு ஒத்துப்போகும் சோதனையாகவே எடுத்துக்கொண்டார். கருவியும் உழைப்பும் அவர்களுடையதே மேல் என்று சொல்லி, பாலைவனத்தில் கயிறு பிடித்தவர்களின் எண்ணையே ஏற்றுக்கொண்டார்.