விரிசல் இல்லாத பிளேடை ஏன் கழற்றுகிறார்கள்?

ஏரோ இந்தியா கண்காட்சிக்காக எலஹங்கா போய்வந்த மாரத்தஹள்ளி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடை இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடுவார்களாம். விரிசல் இல்லை, துரு இல்லை, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கிறது. உலோகத்துக்கு என்ன சார் காலாவதித் தேதி, அது என்ன பால் பாக்கெட்டா?”

கிட்டத்தட்ட பால் பாக்கெட்தான். நம்பிக்கை வராவிட்டால் எஸ்.பி. ரோடில் ஒரு சால்டரிங் கம்பிச் சுருள் வாங்குங்கள். ஈயம் கலந்த பழைய ரகமாகப் பார்த்து வாங்கவும். நான் முக்கால் மீட்டர் கம்பியைப் பால்கனிக் கொடியில் கட்டி, நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். தொங்கவிட்டபோது கம்பி அறுந்துவிடவில்லை, பாரத்தைத் தாங்கி நின்றது. மறுநாள் பாட்டில் ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பாரம் அதேதான், கம்பி அதேதான், நேரம் மட்டும் கூடியிருக்கிறது. இதுதான் கிரீப். தமிழில் ஊர்தல் என்று சொல்லலாம், ஆனால் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சூடான உலோகத்தில்தான் கிரீப் வரும். ஆனால் இதில் ‘சூடு’ என்பது நம் கைக்குத் தெரியும் சூடு இல்லை. ஒவ்வொரு உலோகமும் தன் உருகுநிலையை வைத்துத்தான் சூட்டை உணர்கிறது. கெல்வின் கணக்கில் உருகுநிலையின் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் கிரீப்பைக் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சால்டர் கம்பி 456 கெல்வினில் உருகத் தொடங்கும். பெங்களூரின் 26 டிகிரி என்பது 299 கெல்வின், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. நமக்கு இதமான மாலை, அந்தக் கம்பிக்கு உலைக்களம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கங்கே ஒரு வரிசை பாதியிலேயே நின்றுவிடும், சீட்டுக்கட்டில் பாதிவரை மட்டும் செருகிய சீட்டு மாதிரி. அந்தச் சீட்டின் விளிம்புக்குத்தான் இடப்பெயர்வு என்று பெயர். இழுத்தால் இந்த விளிம்பு நகரும், உலோகம் அந்த அளவுக்கு உருமாறும். அதைத் தடுக்கத்தான் உலோகவியலாளர்கள் கார்பைடு போன்ற கெட்டித் துகள்களை வழியில் பதிக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் விளிம்பு துகளில் முட்டி நின்றுவிடும், கதை முடிந்தது.

சூட்டில் முடிவதில்லை. அடுக்கில் சில இடங்களில் அணுவே இருக்காது, காலியிடம். சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விழுந்தால் என்ன ஆகும்? பின்னால் இருக்கும் ஸ்கூட்டர் அதில் நுழையும், இடைவெளி ஒரு இடம் பின்னுக்கு நகரும். உலோகத்துக்குள் காலியிடங்களும் இப்படித்தான் அலைகின்றன. அலையும் காலியிடம் ஒன்று, முட்டி நிற்கும் விளிம்புக்கு வந்து சேர்கிறது. விளிம்பிலுள்ள ஓர் அணு அதற்குள் தாவிவிடுகிறது. பாதிச் சீட்டு ஓர் அணு அளவு குட்டையாகிறது, அதன் விளிம்பு ஒரு படி மேலே ஏறுகிறது. இன்னொரு காலியிடம், இன்னொரு படி. ஒருநாள் விளிம்பு துகளின் தலைக்கு மேலே வந்துவிடும், அப்புறம் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த துகளில் முட்டும்வரை. சுவரை உடைக்கவில்லை, ஏணி வைத்து ஏறியது!

காலியிடங்களின் எண்ணிக்கையும் அவை தாவும் வேகமும் வெப்பநிலையோடு அடுக்குக்குறியில் ஏறுகின்றன. அதனால்தான் சின்னச் சூட்டு வித்தியாசம் ஆயுளைப் பாதியாக்குகிறது. எண்களைப் போட்டே பார்த்துவிடலாம்.

எங்கள் எதிர் பிளாட்டில், மகள் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர் ஓர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் மெயின்டனன்ஸில் முப்பது வருடம் இருந்தவர். நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் டியூப் ஒன்றின் சாண் நீளத் துண்டைப் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருக்கிறார். நீளவாக்கில் பிளந்தது. உள்ளிருக்கும் நீராவி அழுத்தம் குழாயைச் சுற்றுவட்டமாக இழுக்கும் இழுவை, நீளவாக்கு இழுவையைப் போல இரண்டு மடங்கு. அதனால் பிளவு பெரும்பாலும் நீளவாக்கில்தான்.

குரோமியம் இரண்டேகால், மாலிப்டினம் ஒரு சதவீதம் உள்ள எஃகு அது. 540 டிகிரியில், அதாவது 813 கெல்வினில், ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் இழுவையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லார்சன், மில்லர் என்ற இருவர் 1952இல் தந்த கணக்கு இது:

`T × (20 + log t)`

T என்பது கெல்வினில் வெப்பநிலை, t என்பது குழாய் தாங்கும் மணி நேரம். இழுவை மாறாதவரை இந்தப் பெருக்கல் மாறாது. ஒரு லட்சத்தின் லாகரிதம் 5; 813 × 25 = 20,325. இப்போது குழாய் 550 டிகிரியில் ஓடினால்? 20,325ஐ 823 ஆல் வகுத்து, 20 கழித்தால் 4.7. அதாவது ஐம்பதாயிரம் மணி நேரம். 560இல் இருபத்தைந்தாயிரம். பதினொன்றரை வருடம் இருக்க வேண்டிய குழாய், இருபது டிகிரி கூடியதற்காக மூன்று வருடத்துக்குள் போய்விடும்.

இந்த இருபது டிகிரியை யாரும் வேண்டுமென்று கூட்டுவதில்லை. நீராவியே குழாயின் உட்சுவரை ஆக்ஸிஜனேற்றி ஒரு கறுப்புப் படிவத்தை வளர்க்கிறது. அது வெப்பத்தை மோசமாகக் கடத்தும். வெளியே தீ அதே தீ, உள்ளே நீராவி அதே நீராவி, நடுவில் உள்ள உலோகம் மட்டும் சூடேறும். படிவம் அரை மில்லிமீட்டர் ஆனால் பத்து இருபது டிகிரி கூடிவிடும். சூடு கூடக்கூடப் படிவமும் வேகமாக வளரும். கன்ட்ரோல் ரூமில் காட்டும் நீராவி வெப்பநிலையில் இது தெரியவே தெரியாது. அதனால் மீயொலிக் கருவியால் படிவத்தின் தடிமனை அளந்து, குழாய் இதுவரை பட்ட சூட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

பெரியவர் கணக்குப் போடுவதில்லை, பிளவின் உதட்டைத் தடவிப் பார்க்கிறார். “உதடு தடிமனா இருக்கா தம்பி? அப்படின்னா வருஷக்கணக்கா வெந்தது. கத்தி மாதிரி மெலிஞ்சு மீன் வாயாப் பிளந்திருந்தா, எங்கேயோ அடைச்சிருக்கு, திடீர்னு சூடேறிடுச்சு.” ஆயுத பூஜைக்கு பாய்லருக்கு எலுமிச்சம்பழம் கட்டாத வருடம் இல்லையாம். கட்டட்டும், குழாய்ச் சுவரில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கூடுதலாக இரண்டும் கட்டினால் எனக்குத் திருப்தி.

தடித்த உதட்டுக்குக் காரணம் படிகமணி எல்லைகள். உலோகம் சிறு சிறு படிகமணிகளால் ஆனது. அவை சந்திக்கும் எல்லைகளில் அடுக்கு ஒழுங்காக இருக்காது. காலியிடங்கள் அங்கே கூடி நுண்ணிய குழிகளாகின்றன. முதலில் தனித்தனியாக, பிறகு வரிசையாக, பிறகு இணைந்து விரிசலாக. ஆயுளின் பெரும்பகுதி வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தபின் அதிக நாள் இருக்காது. வாசகி பார்த்த ‘புதுசு மாதிரி’ பிளேடுக்குப் பதில் இதுதான்.

பிளேடின் நிலைமை இன்னும் மோசம். சுழற்சியில் தன் எடையைப் போலப் பத்தாயிரக்கணக்கான மடங்கு இழுவை, சுற்றிலும் அதன் உலோகமே உருகிவிடும் அளவுக்குச் சூடான வாயு. உள்ளே காற்று ஓட்டிக் குளிர்விக்கிறார்கள். கொஞ்சம் நீண்டாலே நுனி உறையில் உரசும். எல்லைதான் பலவீனமென்றால் எல்லையே இல்லாமல் வார்த்துவிடலாமே என்று யோசித்தவர்களுக்கு என் வணக்கம். அச்சின் அடியில் பன்றிவால் போலச் சுருண்ட ஒரு குறுகிய வழி வைக்கிறார்கள். கீழிருந்து உறைந்து வரும் பல படிகமணிகள் அதற்குள் போட்டியிட, ஒன்றே ஒன்றுதான் மறுபக்கம் வெளியே வரும். முழு பிளேடும் அந்த ஒற்றைப் படிகமாக வளரும். ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை உலோகவியல் ஆய்வகமான டி.எம்.ஆர்.எல். இப்படிச் செய்த ஹெலிகாப்டர் எஞ்சின் பிளேடுகள் அறுபது, 2021இல் இங்கே எச்.ஏ.எல்.லுக்கு வந்தன.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. லார்சன்-மில்லர் கணக்கு, அதிகச் சூட்டில் சில மாதம் சோதித்துப் பல வருடத்தை ஊகிக்கும் குறுக்குவழி. நெடுங்காலத்தில் துகள்களே பருத்துவிடும், கணக்கு ஏமாற்றும். சரிபார்க்க ஒரே வழி, நிஜமாகவே காத்திருப்பது. ஜப்பானில் 1969இல் பாரம் ஏற்றிய ஓர் எஃகுத் துண்டு நாற்பது வருடம் தாண்டியும் சோதனையில் இருந்தது. நம் ஆராய்ச்சி நிதியோ பெரும்பாலும் மூன்று வருடத் திட்டமாக வருகிறது. மூன்று வருடத்தில் 26,280 மணி நேரம்தான் இருக்கிறது.

சால்டர் கம்பி ஒன்பதாம் நாள் இரவு அறுந்தது. கொடிக்குச் சற்றுக் கீழே, ஓரிடத்தில் மட்டும் ஊசி முனையாக மெலிந்திருந்தது. பெரியவர் அதையும் வாங்கித் தடவிப் பார்த்தார்.