மார்ச்சில் பிறந்தவரை மறுத்த படிவம்

தவறான உள்ளீட்டை வேண்டுமென்றே கொடுத்து மென்பொருளைச் சோதிக்கும் நெகடிவ் டெஸ்டிங் என்றால் கைக்கு வந்ததைத் தட்டிப் பார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியும் சில பிழைகள் அகப்படும். ஆனால் எதைச் சோதித்தோம், எதை விட்டோம் என்று பிறகு சொல்ல முடியாது.

திருகோணமலையில் ஒரு பயிற்சி நெறிக்கான இணைய விண்ணப்பப் படிவம் எங்களிடம் சோதனைக்கு வந்தது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து இளைஞர்கள் கைபேசியிலேயே நிரப்பப்போகும் படிவம். அதில் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் V அல்லது X எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். ஆகவே நாள் பகுதி 001–366 அல்லது 501–866 ஆகத்தான் இருக்க முடியும். செல்லாத உள்ளீடுகள் இந்த விளிம்புகளிலேயே கிடைக்கின்றன: 000, 367, 500, 867. ஒரு முறைக்கு ஒரு தவறுதான் வைக்க வேண்டும். நாளும் பிழை, எழுத்தும் பிழை என்று சேர்த்துக் கொடுத்தால், படிவம் எதைப் பார்த்து மறுத்தது என்று தெரியாது. நாளைச் சரிபார்க்கும் பகுதி வேலையே செய்யாமல் ஒளிந்திருக்கலாம்.

சிறிய v எழுத்தையும், ஒட்டும்போது வால்போல வரும் இடைவெளியையும் படிவம் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அவற்றைப் பிழை என்று திருப்பி அனுப்புவது வீண் முறுக்கு.

விளிம்புகளில் படிவம் தப்பிவிட்டது. மாட்டிக்கொண்டது பிறந்த திகதியோடு ஒப்பிடும் இடத்தில். இந்த இலக்கத்தில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 உண்டு என்றே நாள் எண்ணப்படுகிறது. எனவே 1985 மார்ச் 1 பிறந்தவருக்கு அது 061. படிவமோ சாதாரண நாட்காட்டியை வைத்து 060 என்று எதிர்பார்த்தது. லீப் ஆண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோரையும் அது மறுத்துவிடும். சோதிப்பவர் ஜனவரியில் பிறந்தவர் என்றால், தன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று எழுந்து போயிருப்பார்.

படிவம் அப்படி மறுத்தபோது திரையில் வந்தது "Invalid data" என்ற வரி மட்டும். தமிழ்ப் படிவத்தில், உச்சியில், ஆங்கிலத்தில். எந்தப் பெட்டி என்றுகூட இல்லை. போதாததற்கு நிரப்பியது எல்லாம் அழிந்துபோனது.

பிழைச் செய்தியை மதிப்பிடுவதற்கு நான் செய்வது இதுதான்: படிவத்தை உருவாக்காத ஒருவரிடம் திரையைக் காட்டி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். "தெரியல, திரும்ப அமத்திப் பார்ப்பன்" என்றால் அந்தச் செய்தி தோற்றது.

நாள் கணக்கைத் திருத்திய பின்பும் இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்தாத ஆட்கள் வரத்தான் செய்வார்கள். தவறு எந்தப் பெட்டியில் என்று படிவத்துக்குத் தெரியாது. ஆகவே இலக்கம் பிழை என்று அடித்துச் சொல்லக்கூடாது. நாங்கள் பரிந்துரைத்த வரி: "அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை. இரண்டையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்." இரண்டு பெட்டிகளுக்கும் பக்கத்தில், தட்டியதை அழிக்காமல். அட்டையிலேயே திகதி பிழையாகப் பதிந்திருப்பவர்களுக்கு, அலுவலர் கையால் சரிபார்க்கும்படி விண்ணப்பத்தை அனுப்ப ஒரு வழியும் கேட்டிருக்கிறோம்.