சரணம் எப்படிச் சாணம் ஆனது?

“பாட்டியின் பழைய பக்திப் பாட்டுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆர் போட்டேன். ‘சரணம்’ வரவேண்டிய பல இடங்களில் ‘சாணம்’ என்று வந்து நிற்கிறது. தெய்வக் குத்தம் என்று வீட்டில் பரிகாரம் செய்யச் சொல்கிறார்கள். ஏன் இப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பரிகாரம் உண்டு, ஆனால் அதைச் செய்யவேண்டியது ஸ்கேனருக்கு.

ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான ஓசிஆர் முதலில் அதை வரி வரியாக வெட்டும். அப்புறம் ஒவ்வொரு வரியையும், ஏராளமான எடுத்துக்காட்டுகளில் பழகிய நரம்பு வலைப்பின்னல் என்ற நிரல் படித்து எழுத்தாக்கும். வாசகர் பயன்படுத்திய டெஸராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள், 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து இந்த முறையில்தான் வேலை செய்கிறது.

சிக்கல் அதற்கும் முன்பே, ஸ்கேனர் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ‘ர’வையும் காலையும் (ா) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ர’வின் அடியில் சாய்வாக ஒரு சின்ன வால் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வால் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் அதற்கு ஆறு புள்ளிகள் கிடைக்கும், 100 டிபிஐயில் இரண்டே இரண்டு. பழைய புத்தகத்தில் மை வேறு வெளிறியிருக்கும். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் வாலின் நிறம் 170 என்றும், ஸ்கேனர் போட்ட எல்லைக்கோடு 150 என்றும் கொண்டால், கோட்டுக்கு மேலிருக்கும் வால் வெள்ளையாகிக் காணாமல் போய்விடும். வால் போன ‘ர’ கால்தானே? சரணம் சாணமாகிவிட்டது.

வலைப்பின்னல், உருவம் தெளிவாக இல்லாதபோது, எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று தான் பழகியதை வைத்து ஊகிக்கும். ஆனால் இங்கே அது உதவாது. சரணமும் சாணமும் நல்ல தமிழ்ச் சொற்கள். நாகம்–நரகம், காடு–கரடு, பாவை–பரவை எல்லாமே இதே ரகம். பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஓலைச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடே கிடையாது, புள்ளியும் வைக்கமாட்டார்கள். சுவடியைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டைத்தான் இப்போது இயந்திரம் படுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வாலே போடமாட்டார்கள். காலின்மேல் புள்ளியோ இகர, ஈகார மேல்விலங்கோ வர முடியாது என்பதால் வாசிப்பவருக்குக் குழப்பம் வராது, வால் தேவையில்லை. ஓசிஆர் இந்த நியாயத்தைச் சில நேரம் தவறவிட்டு, ‘அவர்’ என்பதைக் கால் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்து எழுதிவிடும். பல எழுத்துருக்களில் திரையில் பார்த்தால் அசல் ‘அவர்’ போலவே இருக்கும். தேடினால் மட்டும் கிடைக்காது! கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒரு சொல்லைத் தேடல் ‘இல்லை’ என்று சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வகைப் பிழையைத் திருத்துவது சுலபம். காலுக்குப் பின் புள்ளியோ இகர, ஈகார மேல்விலங்கோ வந்தால் அந்தக் கால் நிச்சயம் ‘ர’தான். பைத்தானில் இரண்டு வரி போதும்:

```
import re
t = re.sub('\u0bbe([\u0bcd\u0bbf\u0bc0])', '\u0bb0\\1', t)
```

இதில் `t` ஓசிஆர் தந்த உரை, `\u0bbe` கால், `\u0bb0` ரகரம். அடைப்புக்குள் இருப்பவை புள்ளியும் இரண்டு மேல்விலங்குகளும்.

சாணத்துக்கு இப்படி விதி எழுத முடியாது. புத்தகத்தை 300 டிபிஐயில், கறுப்பு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ‘தூசி நீக்கு’ என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசி என்று துடைத்துவிடும். பிறகு:

```
tesseract pakkam.png pakkam -l tam --psm 6 txt tsv
```

`--psm 6` என்றால் பக்கம் முழுக்க ஒரே பத்தி என்று பொருள், பாட்டுப் புத்தகத்துக்குப் பொருந்தும். கூடவே வரும் tsv கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `conf` என்று 100க்கு ஒரு மதிப்பெண் இருக்கும். மதிப்பெண் குறைந்த சொற்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், சாணத்துக்கு 90க்கு மேலும் போட்டுவிடும். சாணம், நாகம், காடு போன்ற இரட்டைகளைப் பட்டியலிட்டு, அவை வரும் இடங்களை மட்டுமாவது தேடிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

நூல்களை ஸ்கேன் செய்யத் தரும் பணத்தில் கொஞ்சமாவது இந்த மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு ஒதுக்கினால் என்ன என்பது என் நெடுநாள் புலம்பல். இப்போதைக்குத் தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள்தான் ஓசிஆர் பக்கங்களைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஒருவர் மெய்ப்புப் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. வாசகர் வீட்டில் பரிகாரம் செய்தே தீரவேண்டும் என்றால், பாட்டி பாட்டு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவராக இருப்பார். அவரைப் பாடச் சொல்லி, திரையைப் பார்த்துக்கொண்டே திருத்திவிடுங்கள்.