டவுன்லோட் செய்தால் டேட்டா போகாதா? யார் சொன்னது?

இந்த வாரம் மட்டும் நாலு பேர். நாலு பேரும் கடைக்குள் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான்: "கம்பெனிக்காரன் டேட்டாவைத் திருடுறான்." ரீசார்ஜும் மொபைல் சர்வீஸும் சேர்த்துப் பார்க்கிற கடை என்பதால் சிம் கம்பெனிமேல் வருகிற கோபமெல்லாம் முதலில் என் மேஜையில்தான் இறங்கும். முன்பெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலாவது ஆளுக்குப் பிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த நாலாவது ஆள், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா. தினம் 1.5 ஜிபி பேக். "தம்பி, காலையில 9 மணிக்கே தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் வருது. நான் வாட்ஸ்அப்பைத் தவிர ஒண்ணும் தொடலை" என்றார். வாடிக்கையாளர்கள் பிளவுஸ் மாடல் போட்டோவை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். டேட்டா தீர்ந்த பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு ஜாக்கெட்டை வெட்டி முடித்துவிடலாம். அவர் கோபம் நியாயம்தான், ஆனால் கோபப்பட்ட ஆள்தான் தப்பு.

போனை வாங்கி செட்டிங்ஸில் ஆப் வாரியான டேட்டா கணக்கைத் திறந்தேன். திருட்டுப் புகாரோடு வருகிற யாருக்கும் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான், நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் பாவம், கீழே எங்கேயோ கிடந்தது. உச்சியில் `Hotspot & tethering` என்று ஒரு வரி. அந்த மாதம் போன டேட்டாவில் பெரும்பங்கு அதில்தான். "வீட்டில யாருக்கு ஹாட்ஸ்பாட் போட்டுத் தர்றீங்க?" என்று கேட்டேன். லீவுக்கு வந்திருக்கிற மகள். அவளுடைய டேப்லெட்டில் நெட்ஃபிளிக்ஸ்.

மறுநாள் மகளே டேப்லெட்டோடு வந்தாள். "நான் ஸ்ட்ரீம் பண்றதே இல்லைண்ணா, டவுன்லோட் பண்ணித்தான் பார்க்கிறேன். அதுக்கு நெட் ஆகாதுல்ல?"

இதுதான். என்னைப் பாடாய்ப் படுத்துகிற நம்பிக்கை இதுதான். படித்தவர், படிக்காதவர், கல்லூரிப் பிள்ளை, ரிட்டயர்டு வாத்தியார் எல்லோரிடமும் இருக்கிறது. குழாயில் வாய் வைத்துக் குடித்தாலும் குடத்தில் பிடித்து வைத்துக் குடித்தாலும் போகிற தண்ணீர் ஒன்றுதானே? டவுன்லோட் செய்த எபிசோடை *பார்க்கும்போது* டேட்டா ஆகாது, சரி. ஆனால் அது போனுக்குள் வந்து சேர்ந்தபோதே உங்கள் பேக்கிலிருந்து கழித்தாகிவிட்டது. ஒரே தரத்தில் என்றால் ஸ்ட்ரீம் செய்து ஒருமுறை பார்ப்பதும் டவுன்லோட் செய்து ஒருமுறை பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே செலவு. மிச்சம் வருவது இரண்டாவது முறை பார்க்கும்போதுதான். ஒரே கார்ட்டூனைப் பத்து தடவை பார்க்கிற குழந்தை வீட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டவுன்லோட் செய்யுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கப்போகிற சீரியலுக்கு, டவுன்லோட் என்பதாலேயே ஒரு எம்பி கூட மிஞ்சாது.

அவளுடைய டவுன்லோட்ஸ் பக்கத்தைத் திறந்தால் கணக்கு அங்கேயே இருந்தது. எட்டு எபிசோடுகளை வரிசையில் போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் 400 எம்பி சுமார். மூன்று முழுதாக இறங்கி, நாலாவது பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றிருந்தது. கூட்டிப் பாருங்கள், 1.4 ஜிபிக்கு மேல். அம்மா கண் விழிப்பதற்குள் அன்றைய பேக் முடிந்தது.

"ஆனா `Wi-Fi Only` ஆன்லதான் வெச்சிருக்கேன்" என்றாள். ஆமாம், ஆனில்தான் இருந்தது. இங்கேதான் எல்லோரும் மாட்டுவது. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த டேப்லெட்டுக்கு அது வெறும் வைஃபை. அந்த வைஃபைக்குப் பின்னால் அம்மாவின் 1.5 ஜிபி இருப்பது அதற்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. சில நேரம் ஆண்ட்ராய்டு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும், அதை நம்பி உட்காரக் கூடாது. தெரியாத பட்சத்தில் `Smart Downloads` அடுத்த எபிசோடை இறக்கும், போட்டோ பேக்கப் ஓடும், ஆப் அப்டேட் எல்லாம் "வைஃபை வந்துவிட்டது" என்று வரிசைகட்டும்.

தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் வாங்குகிற சாதனத்தில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், அந்த ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு, `Network usage` என்ற இடத்தில் `Treat as metered`, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய நெட், என்று மாற்றுங்கள். ஐபோன், ஐபேட் என்றால் அதே இடத்தில் `Low Data Mode`. ஒருமுறை மாற்றினால் போதும், அந்தப் பெயருக்கு அப்படியே இருக்கும்.

அடுத்தது தரம். அவளுடைய `Download Video Quality` `High` என்று இருந்தது. எட்டு அங்குலத் திரைக்கு எதற்கு? `Standard` வைத்து அதே தொடரில் ஒரு எபிசோடை இறக்கிக் காட்டினேன், 200 எம்பிக்குள் முடிந்தது. "வித்தியாசம் தெரியுதா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சப்டைட்டில் படிக்க முடியுது" என்றாள். போதுமே.

ஸ்ட்ரீம் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: `Automatic` என்றால் சிக்கனம் என்று அர்த்தமில்லை. சிக்னல் எவ்வளவு தாங்குமோ அதைப் பார்த்து ஆப் தரத்தை ஏற்றி இறக்கும். நெட்ஃபிளிக்ஸ் மொபைல் ஆப்பில் `Automatic` வைத்தால் 1 ஜிபிக்கு நாலு மணி நேரம் சுமாராகப் பார்க்கலாம், `Save Data` என்றால் ஆறு மணி நேரம் சுமாராக. `Maximum Data` வைத்தால் 20 நிமிடத்திலேயே 1 ஜிபி போகலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்போ டவுன்லோடால் என்னதான் லாபம்? ராத்திரி மிச்சம். தினசரி பேக்கில் மீந்தது பெரும்பாலும் 12 மணிக்குக் காலாவதி. அக்காவுக்குச் சாதாரண நாளில் ராத்திரி பத்தரைக்கு 900 எம்பி அப்படியே கிடக்கும். அதில் `Standard` தரத்தில் நாலு எபிசோட் தாராளமாக இறங்கும், மறுநாள் ஓசியில் பார்க்கலாம். ஆனால் 11:55க்கு ஆரம்பிக்காதீர்கள், 12 தாண்டினால் அடுத்த நாள் பேக்கைத் தின்னும். அந்த நேரத்துக்கு மட்டும் `Wi-Fi Only`யையோ மீட்டர்டையோ தளர்த்த வேண்டிவரும், முடிந்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள். டவுன்லோடுக்கும் கெடு உண்டு, சில படங்கள் பிளே அழுத்தின 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் சும்மா இறக்கி அடுக்கி வைப்பதிலும் பிரயோசனமில்லை.

எல்லாம் முடித்து எழுந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார், "அப்ப ஞாயித்துக்கிழமை டிவிக்குப் போட்டுத் தர்றது?"

எனக்குத் தலை சுற்றியது. போன் ஆப்பில் வைக்கிற `Save Data` டிவிக்குப் போகவே போகாது. டிவியில் எச்டி ஓடினால் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், அரை மணி நேரத்தில் 1.5 ஜிபி காலி. அதைக் குறைக்க நெட்ஃபிளிக்ஸ் தளத்தை பிரவுசரில் திறந்து, அந்த ப்ரொஃபைலின் பிளேபேக் செட்டிங்கில் `Low` வைக்க வேண்டும். மணிக்கு 0.3 ஜிபிக்குள் அடங்கிவிடும். அங்கேயே மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை அக்கா வந்தார், டிவியில் எல்லோர் முகமும் பவுடர் போட்ட மாதிரி மங்கலாகத் தெரிகிறது என்று மகள் முணுமுணுக்கிறாளாம். வாட்ஸ்அப் போட்டோ மட்டும் சாயங்காலம் வரைக்கும் திறக்கிறதாம்.