இணையம் இல்லாத பயணத்தில் கலோரிக் கணக்கு

விற்பனைப் பணிக்காக வாரத்தில் பாதி நாள் இரயிலிலும் பேருந்திலும் கழிக்கும் வாசகர் ஒருவர், கைபேசிச் செயலி இணையம் இல்லாத இடங்களில் கைவிட்டுவிடுவதால் உணவுக் கணக்கை எப்படித் தொடர்வது என்று கேட்டிருந்தார். நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: உலர்ந்த தானியமோ பருப்போ 100 கிராமுக்கு 350 கலோரி, ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 40, ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்கு 20, பசும்பால் 100 மில்லிலிட்டருக்கு 65. உணவைப் பற்றிப் பேசும்போது கலோரி என்பது கிலோகலோரியையே குறிக்கும்.

மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்பது பள்ளியில் படித்ததுதான். அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை.

அரிசி, துவரை, உளுந்து, கோதுமை என்று இவ்வளவு வேறுபட்ட பொருள்களுக்கு ஒரே எண் எப்படிப் பொருந்துகிறது என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிட்டங்கியில் பூசணம் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் எந்தத் தானியத்தின் ஈரமும் ஏறத்தாழ 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே கடையில் நாம் வாங்கும் அரிசியிலும் பருப்பிலும் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எஞ்சிய 88 கிராமில் பெரும்பகுதி மாவுச்சத்தும் புரதமும்தான். பருப்பில் புரதம் கூடுதல், அரிசியில் மாவுச்சத்து கூடுதல் என்றாலும் இரண்டுக்கும் கிராமுக்கு 4 கலோரியே என்பதால், விகிதம் மாறினாலும் கூட்டுத்தொகை அதிகம் அசைவதில்லை: 88 × 4 = 352. தோலும் தவிடும் சேர்ந்த பொருள்களில் நார்ச்சத்து கொஞ்சம் குறைத்துவிடுவதால் கோதுமை மாவும் பருப்பும் 320-330 அளவில் நிற்கின்றன. நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துகள் இந்தக் கணக்குக்குள் வாரா.

சமைக்கும்போது சேர்வது தண்ணீர். சூட்டில் மாவுத்துகள்களின் இறுக்கமான கட்டமைப்பு தளர்ந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ள, 100 கிராம் அரிசி ஏறத்தாழ 270 கிராம் சாதமாகிறது; தண்ணீருக்குக் கலோரி இல்லை என்பதால் 100 கிராம் சாதத்தில் 130 கலோரிதான் இருக்கும். எனவே தட்டில் இருப்பதன் எடையைப் பார்க்காமல், அதற்குள் போன உலர்ந்த பொருள் எவ்வளவு என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். மூடிய கைமுட்டி அளவுச் சாதத்தில் அரிசி 55 கிராம், அதாவது 200 கலோரிக்குச் சற்றுக் குறைவு. நடுத்தரச் சப்பாத்தி இரண்டில் மாவு 60 கிராம். அதுவும் அதே அளவுதான். இரவில் சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்று விரதம்போல் கடைப்பிடிப்பவர்கள், நெய் தடவியிருந்தால் கலோரிக் கணக்கில் நட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

இரயில் நிலையத்துக் காலை உணவு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இட்லியில் உலர்ந்த அரிசியும் உளுந்துமாக 17 கிராம் இருக்கும் என்று கொண்டால், மூன்று இட்லிக்கு 50 கிராம், 175 கலோரி. வடையில் உளுந்து 20 கிராமுக்கு 70, குடித்த எண்ணெய் ஒன்றரைத் தேக்கரண்டிக்கு 60, ஆக 130. சாம்பாரில் பருப்பு 10 கிராமும் தாளிப்பு எண்ணெய் அரைத் தேக்கரண்டியும் சேர்ந்து 55. சட்னிக்குத் தேங்காய் 15 கிராம். பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் அதுவும் 100 கிராமுக்கு 350-400 கலோரி தரும், எனவே 55. காப்பியில் 100 மில்லிலிட்டர் பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் 105. மொத்தம் 520, பயணச்சீட்டின் பின்புறம் இந்த ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

இதில் ஐயத்துக்குரியது எண்ணெய் மட்டுமே. இட்லியின் அளவை ஒரு வேளை கூட்டியும் மறுவேளை குறைத்தும் மதிப்பிடுவோம் என்பதால் அந்தப் பிழைகள் நாள் முடிவில் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எண்ணெயையோ கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம், அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். பொரிக்கும்போது வடையின் ஈரம் ஆவியாக வெளியேறும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். எடுத்தபின் ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைய, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் அப்போதுதான் உறிஞ்சப்படுகிறது. சூட்டோடு வடியவிடாமல் பாத்திரத்தில் குவித்த வடைக்கு நான் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கூடுதலாகவே எழுதிக்கொள்வேன். பரோட்டாவைத் தொட்ட விரல் பளபளத்தால் அதற்கும் அப்படியே. நம் உணவகங்களின் தோசையும் பரோட்டாவும் எவ்வளவு எண்ணெயை உண்மையில் வைத்துக்கொள்கின்றன என்பதை ஊர் ஊராக அளந்து அட்டவணையிடுவது பெரிய செலவில்லாத ஆய்வு. அதற்குப் பணம் ஒதுக்கினால், இப்போது ஊகமாகச் சேர்க்கும் அந்த 40 கலோரிக்குப் பதிலாக அளந்த எண் ஒன்றை மனப்பாடம் செய்யலாம்.