ஐடி கிடைத்துவிட்டது, பெயர் கிடைத்ததா?

"இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயர் காலியாகத்தான் சார் இருந்தது." 'இது எங்கள் பிராண்டின் பெயர்' என்று வந்த வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அதே எழுத்துகளை அதே வரிசையில் வேறு யாராவது கணக்குப் பெயராக எடுத்திருக்கிறார்களா என்று மட்டும்தான் இன்ஸ்டாகிராம் பார்க்கிறது. நடுவில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ சேர்ந்துவிட்டால் அதன் கணக்கில் அது வேறு பெயர். அந்தப் பெயரில் ஒருவர் பத்து வருடமாக சோப்பு விற்றுக்கொண்டிருப்பது அதற்குத் தெரியப்போவதில்லை.

யூடியூப் ஹேண்டிலுக்கும் டொமைனுக்கும் இதே கதைதான். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் தொழில் நடத்துவதற்கான காகிதங்கள். பெயர் உங்களுடையது என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. கம்பெனி பதிவு செய்தவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

சமீபத்தில் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளும் ஊரும் வேண்டாம், பெயரையும் மாற்றிவிட்டேன். வீட்டிலேயே கூந்தல் தைலமும் மூலிகை சோப்பும் செய்து விற்கும் ஒரு பெண். பிராண்டுக்கு 'செங்காந்தள்' என்று பெயர் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருட உழைப்பில் ஐம்பதாயிரம் பேரை நெருங்கிய பக்கம். அப்போதுதான் வேறொரு மாவட்டத்து சோப்பு நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்கள் 2011 முதல் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர்கள், பெயரையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தார்கள். ஆன்லைனில் பெரிதாக எதுவும் கிடையாது. நோட்டீஸ் வந்த சில நாட்களில் அவர்கள் கொடுத்த டிரேட்மார்க் புகாரில் இவருடைய பதிவுகள் சில நீக்கப்பட்டன.

இவர் தேடாமல் இறங்கியவர் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிராண்டு பெயர்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியின் தேடுதளத்தில் பார்த்திருக்கிறார். "எதுவுமே வரலையே சார்" என்றார். எப்படித் தேடினீர்கள் என்று கேட்டேன். Senganthal Herbals என்று முழுதாக அடித்திருக்கிறார், அடித்த பெயர் அப்படியே இருந்தால் மட்டும் காட்டும் Match With என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்படித் தேடினால் எதுவும் வராது. அந்த நிறுவனத்தின் பதிவில் பெயர் Chenkanthal என்று இருந்தது.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி என்று எதுவும் கிடையாது. முதலெழுத்து S ஆகலாம், Ch ஆகலாம். நடுவில் g அல்லது k. நெடிலுக்கு ஒரு a அல்லது இரண்டு. 'த' வருகிற இடத்தில் th, dh, t, d என்று ஆளுக்கொரு பழக்கம். இவ்வளவையும் பெருக்கிப் பார்த்தால் ஒரே பெயருக்கு முப்பதுக்கு மேல் எழுத்துக்கூட்டல் வரும். ரெஜிஸ்ட்ரியின் கணினியில் இருப்பது விண்ணப்பித்தவர் அன்றைக்கு எழுதிக் கொடுத்த ஒன்று மட்டும்தான்.

முறையாகத் தேடுவது எப்படி என்று இதே பெயரை வைத்துப் பார்ப்போம். தளம் tmrsearch.ipindia.gov.in. கட்டணம் இல்லை, ஓடிபி கொடுத்து உள்ளே போகலாம். தேடல் வகையில் Wordmark எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததில் Contains. அதாவது நீங்கள் அடிக்கும் துண்டு பெயரின் எந்த இடத்தில் இருந்தாலும் காட்டு என்று அர்த்தம். அதன் பிறகு Class, அதாவது பொருளின் வகுப்பு எண். கூந்தல் தைலமும் சோப்பும் 3-ஆம் வகுப்பு.

'ஹெர்பல்ஸ்', 'ஆர்கானிக்', 'ஃபுட்ஸ்' மாதிரியான வால்களை முதலில் வெட்டிவிடுங்கள். அவை எல்லோருக்கும் பொதுவான சொற்கள். அப்புறம் மீதியிருக்கும் பெயரில் எழுத்துக்கூட்டல் அதிகம் மாறாத பகுதி எது என்று பாருங்கள். இங்கே முன்பாதி முழுக்க ஊசலாடுகிறது. அதனால் பின்பாதியை மட்டும் அடிக்க வேண்டும்:

```
anthal
andhal
antal
andal
```

முதல் துண்டு Senganthal, Senkaanthal, Chenkanthal எல்லாவற்றையும் ஒரே தேடலில் பிடித்துவிடும். நான்காவதில் ஒரு வேடிக்கை உண்டு. 3-ஆம் வகுப்பில் andal என்று அடித்தால் Sandal என்று பெயரில் உள்ள சோப்பும் பவுடரும் ஊதுபத்தியும் வரிசையாக வந்து நிற்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் kandal, gandal, kaandal, gaandal என்று தனித்தனியாக அடித்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் பத்து தேடலுக்குள் முடிகிற வேலை. ஓசையை வைத்துத் தேடும் Phonetic என்ற தேடலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு அதை மட்டும் நம்ப நான் யாருக்கும் சொல்வதில்லை. சம்பந்தமில்லாததை நிறையக் கொட்டிவிட்டு, வேண்டியதை விட்டுவிடும்.

வகுப்பிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மொத்தம் 45 வகுப்புகள், ஒவ்வொன்றாகத்தான் தேட முடியும். எல்லாவற்றையும் தேடத் தேவையில்லை. பக்கத்து வகுப்புகளைப் பார்த்தால் போதும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3 என்றால், அதையே சித்த மருந்துத் தைலம் என்று விற்பவர் 5-இல் இருப்பார். இரண்டு வகைப் பொருட்களையும் வைத்துக் கடை நடத்துபவர் 35-இல் இருப்பார். சாப்பாட்டுப் பொருளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29, மசாலாப் பொடியும் தேனும் 30, ஹோட்டல் 43. பொடி விற்க ஆரம்பித்து ஊறுகாய்க்குப் போகாதவர்களை நான் பார்த்ததே இல்லை, அதனால் இன்றைக்கு விற்கும் பொருளை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

ஏதோ ஒரு பெயர் வந்து நிற்கிறது. அதைத் திறந்தால் நிலை என்று ஒரு வார்த்தை இருக்கும். Objected என்று சிவப்பாகப் பார்த்ததும் 'அப்பாடா, அவர்களுக்குக் கிடைக்கவில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். ஆய்வாளர் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். பதில் கொடுத்தால் அது பதிவாகிவிடலாம். Opposed என்றால் மூன்றாவது ஆள் ஒருவர் எதிர்த்திருக்கிறார், ஆக அந்தப் பெயருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். Abandoned என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டார்கள், வியாபாரத்தைக் கைவிட்டதாக அர்த்தமில்லை. வக்கீலுக்குப் பதில் சொல்ல மறந்துபோய் விண்ணப்பம் போன எத்தனையோ கடைகள் இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நிலையைவிட நான் முதலில் பார்ப்பது User Date என்ற வரியைத்தான். எந்தத் தேதியிலிருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்துவதாக அவர் சொல்கிறார் என்பது அதில் இருக்கும். Proposed to be used என்று இருந்தால் விண்ணப்பித்த நாளில் அவர் இன்னும் தொடங்கவில்லை.

தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, முந்திப் பயன்படுத்தியவரைப் பிந்திப் பதிவு செய்தவர் தடுக்க முடியாது என்கிறது. நம் ஊர் உதாரணமே இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. இரண்டு பேருமே பதிவு பெற்றவர்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். உச்ச நீதிமன்றம் 2015-இல் அதை ஏற்கவில்லை. முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை பதிவைவிட மேலானது என்று சொல்லிவிட்டது.

இதனால் ரெஜிஸ்ட்ரி தேடல் சுத்தமாக வந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பதிவே செய்யாமல் வருடக்கணக்காக விற்கிறவர்களை அங்கே காண முடியாது. அவர்களைக் கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் அமேசானிலும் இந்தியாமார்ட்டிலும்தான் தேட வேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் நாலைந்து முறை, பொருளின் பெயரோடு சேர்த்து. கூகுள் மேப்ஸையும் விட்டுவிடாதீர்கள். இணையதளமே இல்லாத கடைக்குக்கூட யாராவது ஒரு வாடிக்கையாளர் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்.

"அவங்க ch, நான் s, வேற வேறதானே?" என்று அந்தப் பெண் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்விதான். 1962-லேயே உச்ச நீதிமன்றம் அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்களை ஒப்பிட்டு, மக்கள் குழம்பிப்போகும் அளவுக்கு இவை நெருக்கமானவை என்றது. எழுத்தைப் பிரித்துப் பிரித்து ஒப்பிடக் கூடாது, அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் சாதாரண ஆள் முழுப்பெயரையும் கேட்டால் என்ன நினைப்பார் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கடைக்காரரிடம் போய் 'ஒரு செங்காந்தள் சோப்பு' என்று கேட்பவர் எழுத்துக்கூட்டிக் கேட்பதில்லை. பொருளும் ஒன்று, ஓசையும் ஒன்று. இவர் பக்கம் வாதாட அதிகம் இல்லை.

கடைசியில் சமரசத்தில்தான் முடிந்தது. இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க அவகாசம் வாங்கினோம், அதற்குள் பெயரை மாற்ற வேண்டும். ஐடியை மாற்றுவது ஒரு நிமிட வேலை, பின்தொடர்பவர்களும் அப்படியே இருப்பார்கள். ஆனால் மற்றவர்கள் எடுத்துப்போட்ட ரிவ்யூ வீடியோக்களில் எல்லாம் பழைய பெயர்தான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேடுகிறவர்கள் நேராகப் போய் நிற்பது அந்த சோப்பு நிறுவனத்திடம். மூன்று வருடம் இவர் செய்த விளம்பரம் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அச்சடித்து வைத்திருந்த லேபிளும் டப்பாவும் போனதைவிட அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தேடி முடித்துப் பெயர் காலி என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். ஒரு மாதத்துக்கு முன் தேடியிருந்தால், விண்ணப்பிக்கும் அன்று மறுபடியும் ஒருமுறை தேடிக்கொள்ளுங்கள். புதிதாக வந்த விண்ணப்பங்கள் தேடுதளத்தில் தெரியவே சில நாள் ஆகும்.

ஏற்கெனவே பக்கம் வளர்ந்துவிட்டது, இப்போதுதான் தேடுகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே பெயரில் வேறொருவர் இருப்பது தெரிந்தால் பதறிப்போய் அன்றைக்கே விண்ணப்பம் போடாதீர்கள். விண்ணப்பத்தில் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதி, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். அதில் எழுதியதைப் பிறகு மாற்றிச் சொல்வது கஷ்டம். முதல் பில், முதல் கூரியர் ரசீது, லேபிள் அச்சடித்த பிரஸ்ஸின் பில், தேதியோடு உள்ள முதல் பதிவு என்று எல்லாவற்றையும் எடுத்து வரிசைப்படுத்துங்கள். அதை அவருடைய User Date-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுடையது முந்தையது என்றால் அந்தக் கட்டோடு போய் ஒரு டிரேட்மார்க் வக்கீலைப் பாருங்கள், எதிர்க்க வழி இருக்கிறது. பிந்தையது என்றால், ஐயாயிரம் பேர் இருக்கும்போதே பெயரை மாற்றிவிடுங்கள்.