போட்டோவில் இன்னொரு மாடி: ஒட்டிய தளம் ஏன் பொருந்துவதில்லை?

இரண்டு தள வீட்டின் மேல் மூன்றாவது தளம் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். தரைத்தளத்துக்கு மேலே இருக்கும் முதல் தளத்தை வெட்டி எடுத்து அப்படியே மேலே ஒட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஒட்டியதும் கட்டடம் கோணலாகத் தெரியும். காரணம் கண்மட்டக் கோடு, அதாவது படத்தில் கேமராவின் உயரத்தில் போகும் கிடைக்கோடு.

ஓர் எடுத்துக்காட்டு. கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், மேலே சாய்க்காமல் நேராகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தளமும் 3 மீட்டர். படத்தில் ஒரு தளம், நம் பக்கத்து மூலையில் 240 பிக்சல், தூரத்து மூலையில் 150 பிக்சல். அதாவது ஒரு மீட்டருக்கு இங்கே 80, அங்கே 50.

கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கிடைக்கோடுகள் எல்லாம் தூரம் போகப்போக அந்தக் கண்மட்டத்தை நோக்கி இறங்கும். உயரத்தில் இருப்பவை அதிகமாக இறங்கும். முதல் தளத்தின் அடிக்கோடு கண்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே. பக்கத்து மூலையில் 120, தூரத்து மூலையில் 75. இறக்கம் 45 பிக்சல். மொட்டைமாடி விளிம்போ 4.5 மீட்டர் மேலே. அதே கணக்கில் 360, 225, இறக்கம் 135.

வெட்டிய தளத்தின் அடி 45 பிக்சல்தான் இறங்குகிறது, அது உட்கார வேண்டிய விளிம்பு 135 இறங்குகிறது. பக்கத்து மூலையைச் சரியாகப் பொருத்தினால், தூரத்து மூலையில் 90 பிக்சல் ஆப்பு வடிவ இடைவெளி விழும். அதில் வானம் தெரியும்!

நல்ல வேளையாக, தீர்வு எளிது. போட்டோஷாப்பின் `Skew` கட்டளையில் தூரத்துப் பக்கத்தை மட்டும் 90 பிக்சல் கீழே இழுத்தால் போதும். சுவர் ஒரே சமதளமாக இருக்கும்வரை இது கணக்குப்படி மிகச் சரியான விடை, ஒப்பேற்றல் அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: படத்தில் சுவரின் செங்குத்து விளிம்புகள் இணையாக நிற்க வேண்டும். மேலே போகப்போக அவை நெருங்கினால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் நிமிர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

சரி, சுவர் பொருந்திவிட்டது. ஆனாலும் ஏதோ உறுத்தும். சன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடைப் பாருங்கள். அது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் `Skew` அதற்குப் போதாது. முதல் தளத்தில் அது கண்ணுக்கு 3.6 மீட்டர் மேலே, புதிய தளத்தில் 6.6 மீட்டர் மேலே. அதனால் அதன் அடிப்பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். அந்தப் பட்டையைத் தனியாக எடுத்து நீட்டுங்கள். சுவரில் விழும் அதன் நிழலை மட்டும் தொடாதீர்கள். சூரியன் இரண்டு தளத்துக்கும் ஒரே கோணத்தில்தான் அடிக்கிறது.

அப்புறம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அதையும் பழைய அளவிலேயே தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். கட்டடம் உயர்ந்தால் தொட்டி விளிம்புக்குப் பின்னால் இன்னும் மறையும். நாம் 15 மீட்டர் தள்ளி நிற்கிறோம், தொட்டி விளிம்புக்கு 3 மீட்டர் உள்ளே இருக்கிறது என்றால், முன்பு அதன் அடிப்பகுதியில் 0.9 மீட்டர் மறைந்திருக்கும், இப்போது 1.5 மீட்டர் மறையும். 1.4 மீட்டர் உயரத் தொட்டி என்றால் அதைப் படத்திலிருந்து அழித்துவிட வேண்டியதுதான்.